மழையில் மட்டும் இணையம் போவது ஏன்? வெளிக் கேபிள், ஜாயின்ட் பற்றிய கேள்வி பதில்கள்

எங்கள் குடியிருப்பு சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் கூடவே "நெட் வரவில்லை" என்ற புகாரும் பிறந்துவிடும். சங்கத்தில் அந்தப் புகார்களைக் கவனிக்கும் வேலை சில மழைக்காலங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. மாடிப்படியிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை வீட்டு ஃபைபர் இணைப்பைப் பற்றியவை. செம்புக் கம்பியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு.

மழை பெய்தால் டி.டி.எச். படமும்தான் நின்றுவிடுகிறது. அதுபோல இதுவும் இயல்புதானே?

இல்லை. டி.டி.எச். அலை செயற்கைக்கோளிலிருந்து கிளம்பி மழைக்குள் புகுந்து உங்கள் மொட்டை மாடிக்கு வர வேண்டும். அந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்ளும். மேகம் விலகினால் படம் திரும்பிவிடும். அதில் யாருடைய தவறும் இல்லை.

ஃபைபரில் ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே ஓடுகிறது. முழுதாக இருக்கும் கேபிளின் மேல் மழை கொட்டினாலும், அதை ஏரியில் போட்டாலும் அந்த ஒளிக்கு ஒன்றும் தெரியாது. கடலுக்கடியில் போகும் கேபிளும் ஃபைபர்தான். ஆகவே மழைக்கும் உங்கள் இணைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்றால், வழியில் ஏதோ ஓர் இடத்தில் கேபிள் முழுதாக இல்லை என்று பொருள். பழுது வெயில் நாளிலும் அங்கேயேதான் இருக்கிறது. மழை அதைக் காட்டிக் கொடுக்கிறது. மாடியில் ஆன்டெனா வைத்துக் காற்று வழியாக இணைப்பு வாங்கியிருப்பவர்களின் கதை வேறு. அதை இங்கே தொடவில்லை.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, இணையப் பெட்டியில் விளக்கு எரிகிறது. அப்படியானால் கேபிள்தான் பழுது என்று முடிவு செய்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மழையில் மின்சாரமும் போகும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம். கேபிள்காரரின் அறையில் இருக்கும் கருவிக்குப் பேட்டரி செத்திருக்கலாம். அங்கே ஒளி அணைந்தாலும் உங்கள் பெட்டியில் LOS என்ற சிவப்பு விளக்குதான் மினுக்கும், கேபிள் அறுந்தாலும் அதே விளக்குதான். "ஒளி வந்து சேரவில்லை" என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது.

இரண்டையும் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, பக்கத்து வீட்டைக் கேட்பது. அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் தெருவே ஒரே நிமிடத்தில் இருண்டது என்றால் மின்சாரம் போயிருக்கும், அல்லது தெருவுக்கு வரும் முதன்மைக் கேபிளில் கோளாறு இருக்கும். உங்களுக்கு மட்டும் போயிருந்தால் கம்பத்துப் பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் டிராப் கேபிளைச் சந்தேகப்படலாம். இரண்டாவது வழி, போகும் விதத்தைக் கவனிப்பது. மின்சாரம் போனால் இணைப்பு வெட்டியதுபோல நின்று, மின்சாரம் வந்த சில நிமிடங்களில் வெட்டியதுபோலவே திரும்பும். கேபிள் பழுதில் அந்த ஒழுங்கு இருக்காது. முதலில் வேகம் குறையும், வீடியோ திக்கும், போகும், வரும், பிறகு மொத்தமாகப் போகும்.

எனக்கு மழை தொடங்கியதுமே போய்விடுகிறது. மாடி வீட்டுக்காரருக்கோ மழை நின்ற பிறகும் வருவதில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

இதைக் கேட்காமல் மோடத்தை மாற்றுவதும் பெட்டியைத் திறப்பதும் வீண் வேலை. எப்போது போகிறது, எப்போது திரும்புகிறது என்ற இரண்டு நேரங்களும் தெரிந்தால் பழுது எங்கே என்பது பாதி தெரிந்துவிடும்.

மழைக்கு முன்னால் வரும் காற்றிலேயே போகிறது, சில விநாடிகளில் வருகிறது, மறுபடி போகிறது என்றால் அங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. தொங்கும் கேபிள் ஆடுகிறது. ஏதோ ஓர் இடத்தில் அது சுவரின் விளிம்பில் மடிகிறது, அல்லது கிளையில் கட்டப்பட்டு இழுபடுகிறது, அல்லது தளர்ந்த ஜாயின்ட் ஒன்று அசைகிறது. ஆடும்போது ஒளி குறைகிறது, நிற்கும்போது கூடுகிறது. காற்றில்லாமல் கொட்டும் மழையில் இவர்களுக்கு இணைப்பு ஒழுங்காக வரும். அதுதான் அடையாளம்.

மழை தொடங்கி அரை மணி, ஒரு மணி கழித்துப் போய், மழை நின்ற பிறகும் பல மணி நேரம் வராமல், மறுநாள் வெயில் ஏறியதும் தானாக வந்தால், தண்ணீர் எங்கோ தேங்குகிறது. பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி நிறைவதற்கு நேரம் ஆகிறது; காய்வதற்கும் நேரம் ஆகிறது. உங்கள் மாடி வீட்டுக்காரரின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். கம்பத்துப் பெட்டி, சுவரில் இருக்கும் சிறு பெட்டி, டேப் சுற்றிய ஜாயின்ட் ஆகிய மூன்றில் ஒன்று.

மழை நாளில் ஒன்றும் ஆகாமல் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போனால், கீழே பாருங்கள். சாலைக்கடியில் குழாயில் போகும் கேபிளின் ஜாயின்ட் இருக்கும் குழி மெதுவாகத்தான் நிறையும், அதைவிட மெதுவாகத்தான் வடியும். இது பெரும்பாலும் தெரு முழுவதையும் பாதிக்கும். தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நேராக விழும் மழையில் வருகிறது, சாய்ந்து அடிக்கும் மழையில் போகிறது என்றால் திசையைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்தப் பக்கம் மூடி திரும்பியிருக்கும் பெட்டிகளை முதலில் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் கிழக்குச் சுவரின் பெட்டி ஒவ்வொரு நவம்பரிலும் நனைந்தது. அதே மாதிரிப் பெட்டி மேற்குச் சுவரில் ஒருநாளும் நனையவில்லை.

கண்ணாடிக்குத் தண்ணீரால் என்ன கேடு? அது செம்பு போலத் துருப்பிடிக்காதே?

கண்ணாடி துருப்பிடிக்காது. கேடு வருவது இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்தில்.

இழைகளை இணைக்க இரண்டு விதமான வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டுவது ஒன்று. இரண்டு இழைகளும் ஒரே கண்ணாடியாகிவிடும், இடையில் தண்ணீர் நுழைய இடமில்லை. மற்றது, இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருகி எதிரெதிராக முட்ட வைப்பது. இதற்கு மெஷின் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் மழையில் கம்பத்தின் கீழே நிற்பவருக்கு இதுதான் கைவரும். அவரைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் அந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு போல. மழைநீர் சுமந்து வரும் தூசியில் ஒரு துகள் அங்கே போய் உட்கார்ந்தால் போதும். மழையில் கேபிள் திடீரென்று குளிர்ந்து அதன் மேலுறை சற்றே சுருங்கும்போது இழை இழுபட்டு முனைகளுக்கு இடையில் இடைவெளி விழவும் வாய்ப்புண்டு.

மற்றொரு கேடு வளைவு. சாதாரண இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீட்டு இணைப்புக்கென்று வரும் வளைவு தாங்கும் இழைகூட 1 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஒளியைக் கசியவிடத் தொடங்கும். அதிலும் உயர்ந்த ரகம் முக்கால் சென்டிமீட்டர் வரை தாங்கும். வெயில் நாளில் கிளையின் மேல் சும்மா படுத்திருக்கும் கேபிள், நனைந்த கிளை கனத்துத் தாழும்போது சரியாக அந்த அளவுக்கு மடியக்கூடும். நெடுநாள் கேடு ஒன்றும் இருக்கிறது. மடிந்து விறைப்பாக நிற்கும் கண்ணாடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல், ஈரம் பட்டால் வேகமாக வளரும். இந்த வருடம் மழையில் மட்டும் போகும் கேபிள் அடுத்த வருடம் ஒரேயடியாக முறிவது இப்படித்தான்.

ஒளி குறைகிறது என்பதை நானே பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே. ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் பக்கத்தை உலாவியில் திறங்கள். பலவற்றில் முகவரி 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இருக்கும். உள்ளே Rx Power அல்லது Rx Optical Power என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு எதிரே -20.6 dBm என்பது போல ஓர் எண் இருக்கும்.

எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால் சிலர் குழம்புகிறார்கள். -20-ஐவிட -25 குறைவான ஒளி. ஒவ்வொரு 3 எண்ணுக்கும் ஒளி பாதியாகும். 10 எண் இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தியாவில் பரவலாக இருக்கும் ஜி.பான் என்ற ஃபைபர் முறையில் வீட்டுப் பெட்டிக்கு வகுக்கப்பட்ட வழக்கமான எல்லை -27. அதற்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும், பிறகு சிவப்பு விளக்கு மினுக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். -18-இல் இருக்கும் வீட்டில் மழை 5 எண்ணைத் தின்றாலும் -23; ஒருவருக்கும் தெரியாது. -24-இல் இருக்கும் வீட்டில் அதே மழை அதே 5 எண்ணைத் தின்றால் -29, இணைப்பு போயிற்று. உங்களுக்குப் போய் எதிர் வீட்டுக்குப் போகவில்லை என்றால் அவர் கேபிள் ஒழுங்காக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்குக் கையிருப்பு கூடுதலாக இருக்கலாம்.

ஆகவே ஒற்றை எண்ணைப் பார்ப்பதில் பயன் குறைவு. வெயில் நாளில் ஒன்று, அடைமழையில் ஒன்று, மழை நின்று இரண்டு மணி கழித்து ஒன்று என்று மூன்றையும் எழுதி வையுங்கள். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளிக்குள் இருந்தால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம்.

இப்படிப் பார்த்து உண்மையில் எதையாவது கண்டுபிடித்தீர்களா?

என் வீட்டிலேயே. இணைப்புக் கொடுத்த அன்று எண் -20.6. அது நியாயமான எண். அனுப்பும் முனையில் +3 அளவில் கிளம்பும் ஒளியை ஸ்ப்ளிட்டர்கள் 64 வீடுகளுக்குப் பிரிக்கும்போது சுமார் 21 எண் கழிந்துவிடும். மீதி இரண்டு மூன்றைக் கேபிளும் ஜாயின்ட்டுகளும் எடுத்துக்கொள்ளும். கணக்கு ஒத்துவந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு அக்டோபரில் தொல்லை தொடங்கியது. தூறலில் ஒன்றுமில்லை. கனமழையில் இருபது நிமிடம் போனதும் வீடியோ திக்கும், பிறகு சிவப்பு விளக்கு. உலாவியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வெயில் நாளிலேயே எண் -23.4-க்கு இறங்கியிருந்தது. அதாவது மழைக்கு முன்பே பாதி ஒளியை இழந்து உட்கார்ந்திருந்தேன், தெரியாமல். மழையில் அது -26, -27 என்று சரிந்து -28.5 அருகே அறுந்தது. மழை நின்றதும் உடனே ஏறவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு -24, மதியம் மறுபடி -23.4.

எதிர் வீட்டுக்கும் அதே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான் கேபிள். அவரிடம் பார்த்தேன்: வெயிலில் -20.9, மழையில் -21. ஆகவே கம்பம்வரை பழுதில்லை. கம்பத்திலிருந்து என் சுவர்வரை எங்கோ. நேரக் கணக்கும் காற்றைச் சுட்டவில்லை, தேங்கும் தண்ணீரையே சுட்டியது.

வந்த டெக்னீஷியன் நல்லவர். நான் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்ததும் ரவுட்டரைத் தொடவே இல்லை. அந்தி மங்கும் நேரத்தில் என் பக்க முனையில் சிவப்பு ஒளிக் கருவியைச் செருகினார். முறிவு, கடும் மடிப்பு, மோசமான ஜாயின்ட் இருக்கும் இடத்தில் அந்தச் சிவப்பு வெளியே கசிந்து தெரியும். கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போனோம். கீழ் வீட்டு முருங்கை மரத்தில் வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலுக்குள் ஏதோ மெல்லச் சிவந்தது. எப்போதோ கிளை கழித்தபோது கேபிளும் வெட்டுப்பட்டிருக்கிறது. யாரோ இரண்டு பக்கமும் கனெக்டர் போட்டு, நடுவில் கப்ளர் மாட்டி, கறுப்பு டேப் சுற்றி, மழைக்குப் பாதுகாப்பாகப் பாட்டிலைக் கவிழ்ப்பதற்குப் பதில் வாய் மேலே இருக்கும்படி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: தண்ணீரைச் சேர்த்து வைத்தது.

ஒட்டுப் போடாமல் கம்பத்திலிருந்து வீடுவரை 70 மீட்டர் புதுக் கேபிளை ஒரே நீளமாக இழுத்தார். மரத்தைத் தொடாத வழியில். எண் -20.4-க்கு வந்தது. அடுத்த கனமழையில் பார்த்தேன், -20.5.

எங்கள் வீட்டில் இன்னும் பழைய தொலைபேசி லைனில்தான் இணையம். மழையில் போனில் கரகரவென்று சத்தம், நெட்டும் போகிறது. இதுவும் அதே கதையா?

இடம் அதே, காரணம் வேறு. செம்பு ஜோடியில் எப்போதும் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கிறது. ஜாயின்ட்டில் ஈரம் ஏறினால் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கும் மண்ணுக்கும் மின்சாரம் கசியும். அந்தக் கசிவுதான் காதில் கரகரப்பு. ஈரத்தோடு மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு அரிக்கப்பட்டுப் பச்சையாகப் பூக்கும். வெயிலில் ஈரம் காய்ந்தாலும் பச்சை போகாது. அதனால் செம்பு லைன் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முன்பைவிடச் சற்று மோசமாகத்தான் திரும்பும். ஃபைபரில் இந்தச் சரிவு இவ்வளவு நிச்சயமாக இருக்காது.

ஒரு வேடிக்கையைப் பலர் கவனித்திருப்பார்கள்: செத்துக் கிடக்கும் நெட், யாராவது அந்த எண்ணுக்கு அழைத்து மணி அடித்ததும் உயிர் பெறும். மணி அடிக்க லைனில் 75 வோல்ட் அளவில் மாறுமின்னழுத்தம் வருகிறது. அது அரிப்புப் படலத்தைக் கொஞ்ச நேரத்துக்கு உடைத்துத் தொடர்பை மீட்கிறது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் அரித்துப்போன ஜாயின்ட் என்று அடித்துச் சொல்லலாம். அப்படியே சொல்லியும் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்றால் உங்களை மோடத்தின் பக்கம் அனுப்பிவிடுவார்கள். "போனிலும் மழையில் சத்தம் வருகிறது" என்றால்தான் புகார் லைன்மேனிடம் போகும்.

ஃபைபர் மொட்டை மாடிவரை வருகிறது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு லேன் வயர். மழையில் வேகம் பத்தில் ஒன்றாகிறது, ஆனால் நிற்பதில்லை. இது எதில் சேரும்?

லேன் வயரில் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1000 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100-க்கு இரண்டு போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்றின் முனை ஈரத்தில் கெட்டால் கருவிகள் பெரும்பாலும் தாமாக 100-க்கு இறங்கி ஓடும். சரியாகப் பத்தில் ஒன்று என்று நீங்கள் சொல்வதே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அந்த வயரை நேரடியாகச் செருகிய கணினியில் இணைப்பு வேகம் 1000-இலிருந்து 100 ஆவதை மழையின்போது நேரடியாகப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் போடும் வெள்ளை அல்லது சாம்பல் நிற வயரை மாடியில் வெயிலில் விட்டிருப்பார்கள். இரண்டு மூன்று கோடையில் உறை வெடிக்கும். வெடிப்பில் நுழையும் தண்ணீர் உறைக்குள்ளேயே கம்பிகளின் இடுக்கில் மீட்டர் கணக்கில் பயணம் செய்யும். ரவுட்டர் பக்கத்து முனையைக் கழற்றினால் உள்ளிருந்து ஒரு சொட்டு விழுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி நனைந்த வயரை முனை மாற்றிக் காப்பாற்ற முயலாதீர்கள். வெளியில் போடுவதற்கென்றே கறுப்பு உறையுடன் வரும் வயரைப் புதிதாக இழுக்க வேண்டும்.

டெக்னீஷியன் வரும்போது நல்ல வெயில். "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்று போய்விடுகிறார். என்ன செய்வது?

அவர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கும் நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மழையை அவரிடம் கொண்டுபோக வேண்டும், அதாவது எழுத்தில்.

மழை கொட்டும்போது ஒளி எண் தெரியும் பக்கத்தைப் படம் எடுங்கள், நேரத்தோடு. சிவப்பு விளக்கையும் எடுங்கள். கணினி இருந்தால் Command Prompt என்ற கறுப்புத் திரையை இரண்டு முறை திறந்து, ஒன்றுக்கு ஒரு வரியாக இவற்றை ஓட விடுங்கள் (விண்டோஸில்):

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் வீட்டுப் பெட்டியைத் தட்டுகிறது, இரண்டாவது வெளியுலகத்தை. மழையில் இரண்டாவது மட்டும் அறுந்தால் பிரச்சினை வீட்டுக்கு வெளியே. முதலாவதும் அறுந்தால் உங்கள் வைஃபையையோ உள் வயரையோ பாருங்கள், கேபிள்காரரை இழுக்காதீர்கள்.

புகாரில் வேகத்தைப் பற்றிப் பேசாமல் இப்படி எழுதுங்கள்: "வெயிலில் -23, கனமழையில் -28, மறுநாள் மதியம் மறுபடி -23. எதிர் வீட்டில் மாற்றம் இல்லை. டிராப் கேபிளில் உள்ள ஜாயின்ட்டைச் சோதிக்கவும்." இந்த மூன்று வரிக்கு "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்று பதில் சொல்வது கடினம்.

ரவுட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு வெளியே மழை பெய்வது தெரியாது. இடி விழுந்து கருகியிருந்தால் மாற்றலாம். ஆனால் அப்படிக் கருகியது மழை நின்றதும் தானாகப் பிழைக்காது.

ஜாயின்ட்டில் நன்றாக டேப் சுற்றி, எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் போதாதா?

டேப் நீரைத் தடுப்பதைவிட, உள்ளே போன நீரை வெளியே விடாமல் தடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். வெயிலில் அதன் பசை இளகி ஓரம் பிரியும். தண்ணீர் நுழைய அந்த ஓரம் போதும், காற்று நுழைந்து காய அது போதாது. ஈரமாக இருக்கும் பெட்டியை மேலே அடைப்பதும் அப்படியே. அடைப்பதானால் நன்றாகக் காய்ந்த பிறகு. செம்புக் கம்பி இருக்கும் பெட்டியில் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பயன்படுத்தவே கூடாது. காயும்போது அது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும். தண்ணீர் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து கொடுத்ததாகிவிடும்.

முறையான பழுதுபார்ப்பில் முதலில் அந்த ஜாயின்ட் இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். டிராப் கேபிள் விலை குறைந்த பொருள். ஒட்டுப் போடுவதைவிடப் புது நீளம் இழுப்பதே நல்லது. ஜாயின்ட் தவிர்க்க முடியாதது என்றால் உருக்கி ஒட்டி, ரப்பர் வளையம் உள்ள பெட்டிக்குள் வைத்து, கேபிள்கள் நுழையும் வாய் கீழே பார்க்கும்படி மாட்ட வேண்டும். மேல்பக்கத் துளை வழியாகக் கேபிள் நுழையும் பெட்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் புனல்தான்.

வீட்டுச் சுவரில் நீங்களே பார்த்துத் திருத்தச் சொல்லக்கூடியது ஒன்று. கேபிள் சுவர்த் துளைக்குள் போவதற்கு முன் துளையின் மட்டத்துக்குக் கீழே ஒரு கைப்பிடி தூரம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். கேபிளில் வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும். நேராக இறங்கி நுழைந்தால் நீரும் அதே வழியில் உங்கள் பெட்டிவரை வரும். வளைவை அகலமாக விடச் சொல்லுங்கள். அழகுக்காக இறுக்கி மடித்தால் வேறு பழுது தொடங்கும்.

அவர்கள் வரும்வரை நானே கம்பத்தில் ஏறிப் பார்க்கலாமா?

கூடாது. நம் தெருக்களில் இணையக் கேபிளும் மின்கம்பியும் பல இடங்களில் ஒரே கம்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தொங்கும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஓடும். கண்ணாடி மின்சாரம் கடத்தாது, அந்த இரும்பு கடத்தும். மழையில் அறுந்து தரையில் கிடக்கும் எந்தக் கேபிளையும் "இது நெட் ஒயர்தானே" என்று கையால் ஒதுக்காதீர்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒளி வருகிறதா என்றும் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

தரையில் நின்றபடி, மழை நின்ற பிறகு, கேபிள் வரும் வழியைக் கண்ணால் தொடரலாம். அது எங்கெங்கே மரத்தைத் தொடுகிறது, எங்கே கறுப்பு டேப் உருண்டை தெரிகிறது, எந்தப் பெட்டியின் மூடி திறந்திருக்கிறது என்று படம் எடுத்து வைத்தால் வருபவரின் நேரம் மிச்சமாகும். கேபிளின் உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் எண் அச்சிட்டிருப்பார்கள். வழியில் அந்த எண் வரிசை திடீரென்று மாறினால் அங்கே வேறொரு துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது.

சரிசெய்துவிட்டேன் என்கிறார். அடுத்த மழைவரை காத்திருந்துதான் நம்ப வேண்டுமா?

வேண்டாம். ஜாயின்ட் உங்கள் மாடிச் சுவரிலோ கை எட்டும் இடத்திலோ இருந்து, பக்கத்தில் மின்சார இணைப்பு எதுவும் இல்லை என்றால், அவர் கிளம்புவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஒருவர் பெட்டியின் மேலும் கேபிள் நுழையும் இடத்திலும் கால் மணி நேரம் குவளை குவளையாக ஊற்றட்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஒளி எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கிழக்குச் சுவரின் பெட்டிக்கு நாங்கள் இதைத்தான் செய்தோம். முதல் முறை நாலாவது குவளையிலேயே எண் இரண்டு புள்ளி இறங்கியது. டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டியை மறுபடி திறந்தார். ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கியிருந்தது. எடுத்துச் சரியாகப் பொருத்தி மூடினார். இரண்டாம் முறை வாளி காலியானது, எண் நகரவில்லை. அதன் பிறகுதான் அவருக்குக் காபி.